ஐஸ்கிரீம், கூல்ட்ரிங்க்ஸ், ஊறுகாய், எண்ணெய்ப் பலகாரம்: தொண்டையைக் கெடுப்பது எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை கல்யாண ரிசப்ஷன்ல என் பொண்ணு ரெண்டு கப் ஐஸ்கிரீம் சாப்பிட்டா. திங்கட்கிழமை காலைல காய்ச்சல், தொண்டை வலி, மூக்கு ஒழுகுது. ஐஸ்கிரீம்தானே காரணம்?

இல்லை. காய்ச்சலோடு வரும் தொண்டை வலி கிருமித் தொற்று. குழந்தைகளுக்கு வரும் தொண்டைத் தொற்றில் பெரும்பகுதி வைரஸால் வருவது. மீதியில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இதனால் வரும். இரண்டுமே இன்னொரு மனிதரிடமிருந்துதான் தொற்றுகின்றன: இருமல், தும்மல் துளி, மூக்கைத் துடைத்த கை, ஒரே டம்ளர். குளிர்ச்சி எவ்வளவு இருந்தாலும் இல்லாத கிருமியை அது உண்டாக்காது.

கொஞ்சம் நேரக் கணக்கு பார்ப்போம். ஜலதோஷ வைரஸ் உள்ளே புகுந்து அறிகுறி காட்டப் பொதுவாக 1 முதல் 3 நாள் ஆகும். ஸ்ட்ரெப் என்றால் 2 முதல் 5 நாள். சனி இரவு 8 மணிக்கு ஐஸ்கிரீம், திங்கள் காலை 6 மணிக்குக் காய்ச்சல். இடையில் 34 மணி நேரம். மூக்கு ஒழுகுவதால் வைரஸ் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் அது மண்டபத்தில் தொற்றியிருக்கலாம், வெள்ளிக்கிழமை வகுப்பறையிலும் தொற்றியிருக்கலாம். ரிசப்ஷன் என்றால் ஏசி போட்டு ஜன்னல் மூடிய கூடம், கூட்டம், கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சும் உறவினர்கள், ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகள். வைரஸுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒருவேளை காய்ச்சல் ஞாயிறு காலையிலேயே வந்திருந்தால், ஐஸ்கிரீமைப் பார்ப்பதற்கு முன்பே தொற்று உள்ளே இருந்தது என்று ஓரளவு உறுதியாகவே சொல்லலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. அன்று ஐஸ்கிரீம் சாப்பிட்ட மற்ற பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது, ஐஸ்கிரீமே தொடாமல் வந்து போனவர்களில் யாருக்காவது வந்ததா என்று உறவினர்களிடம் விசாரித்துப் பாருங்கள். ஐஸ்கிரீம் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாத நாட்களை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. காய்ச்சல் வந்த அன்று மட்டும் அதைத்தான் முதலில் கைகாட்டுகிறோம்.

தொண்டைப் புகாரோடு யார் வந்தாலும், என்ன சாப்பிட்டார்கள் என்பதைவிட சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். சில நிமிடங்களில் வந்தால் அது உறுத்தல். காய்ச்சல் இல்லாமல் மறுநாள் காலையில் வந்தால் வயிற்றிலிருந்து மேலேறிய அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஓரிரு நாள் கழித்துக் காய்ச்சல், உடல்வலியோடு வந்தால் தொற்று. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை.

அப்படின்னா குளிர்ச்சிக்கும் தொண்டைக்கும் சம்பந்தமே இல்லையா? ஐஸ் வாட்டர் குடிச்ச அடுத்த நிமிஷமே எனக்குத் தொண்டை கரகரங்குது.

சம்பந்தம் உண்டு. ஆனால் அது சிறியது, சீக்கிரம் மறைந்துவிடுவது. மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சவ்வின் மேல் மெல்லிய சளிப் படலம் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். தூசியையும் கிருமியையும் அள்ளிக்கொண்டு போவது அதன் வேலை. 1978-இல் அமெரிக்காவின் மயாமி பீச்சில் ஒரு மருத்துவக் குழு, வெந்நீர், கோழி சூப், குளிர்ந்த நீர் ஆகியவற்றைக் கொடுத்து மூக்குச் சளி நகரும் வேகத்தை அளந்தது. வெந்நீரும் சூப்பும் வேகத்தைக் கூட்டின. குளிர்ந்த நீர் நிமிடத்துக்கு 7.3 மில்லிமீட்டராக இருந்ததை 4.5 ஆகக் குறைத்தது. சூடான பானங்களால் கூடிய வேகம் அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது; குளிர்ந்த நீரால் குறைந்த வேகம் மட்டும் அப்போதும் குறைவாகவே இருந்தது. நீங்கள் உணரும் 'கட்டின மாதிரி' உணர்வு இந்த மாற்றத்தோடு ஒத்துப்போகிறது. கொஞ்ச நேரம் சளி கெட்டியாகத் தேங்கும், நீங்கள் கனைப்பீர்கள், அப்புறம் சரியாகிவிடும்.

ஏற்கெனவே ஜலதோஷம் பிடித்திருப்பவர் வெந்நீர் கேட்பதில் நியாயம் இருப்பதும் இதனால்தான். சூடான பானம் வைரஸைக் கொல்வதில்லை. ஆனால் மூக்கடைப்பு, தொண்டை வலி எல்லாம் கொஞ்சம் இளகியதாகத் தோன்றும். பாட்டி தந்த சுக்கு மல்லி காப்பிக்கு இந்த அளவு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும்.

படித்தவர்கள் இன்னொரு வாதம் வைப்பார்கள். ஜலதோஷம் உண்டாக்கும் ரைனோ வைரஸ் 37 டிகிரியைவிட 33 டிகிரியில் நன்றாகப் பெருகும், ஆகவே குளிர்ந்ததைக் குடித்தால் ஆபத்து என்று. யேல் பல்கலைக்கழகத்தில் 2015-இல் எலியின் மூச்சுப்பாதை செல்களில் இதைக் காட்டியது உண்மைதான். ஆனால் 33 டிகிரி என்பது நாம் சும்மா மூச்சு விடும்போதே மூக்குக்குள் இருக்கும் வெப்பம். அதற்கு ஐஸ் வாட்டர் தேவையில்லை. ஒரு வாய்த் தண்ணீர் தொண்டையைக் குளிர்விப்பது சில நிமிடங்களுக்குத்தான். வைரஸ் பெருகுவதோ பல மணி நேர வேலை.

என் பையனுக்கு வீசிங் இருக்கு. அவனுக்கும் ஐஸ்கிரீம், கூல்ட்ரிங்க்ஸ் எல்லாம் ஒண்ணும் பண்ணாதா?

இங்கேதான் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. 1980-களில் லண்டனில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். அங்கே குடியேறிய தெற்காசியக் குடும்பங்களின் பெற்றோர் பலரும் குளிர்பானம், ஐஸ், எண்ணெயில் பொரித்தது ஆகிய மூன்றையும் குற்றம் சாட்டினார்கள். நம் ஊர்ப் பட்டியலேதான். சரி, பரிசோதித்தே பார்ப்போம் என்று அவற்றைக் கொடுத்துவிட்டுச் சோதித்தபோது, சில பிள்ளைகளின் மூச்சுக்குழாய் வழக்கத்தைவிட எளிதாகச் சுருங்குவது தெரிந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி இல்லை. சிலருக்கு மட்டும்.

ஆகவே வீசிங் உள்ள பிள்ளை ஐஸ்கிரீம் சாப்பிட்ட அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் இருமினாலோ, நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ, அதுவும் ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தாலோ, அவனுக்கு ஐஸ்கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அது தொண்டைத் தொற்று அல்ல, குழாய்ச் சுருக்கம். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கும் அது ஒரு அடையாளம். இன்ஹேலர் சரியாகப் போடுகிறானா என்பதையும் மருத்துவரிடம் சேர்த்துக் கேளுங்கள்.

பாட்டில் பழரசம், ஸ்குவாஷ் குடித்தால் மட்டும் வீசிங் வருகிறது என்றால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் உப்புகள் (ஐஎன்எஸ் 220 முதல் 228 வரையுள்ள எண்கள்) ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு மூச்சுத் திணறலைத் தூண்டும். அப்போது அதே பானத்தைக் குளிர் நீக்கிக் கொடுத்தாலும் பிரச்சினை வரும்.

பால், தயிர், ஐஸ்கிரீம் எல்லாம் நெஞ்சுச் சளியைக் கூட்டும்னு எங்க வீட்ல ஜலதோஷம் வந்தா பாலே நிறுத்திடுவாங்க. சரியா?

தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1990-இல் வெளியான ஆய்வில், 60 பேருக்கு ஜலதோஷ வைரஸைச் செலுத்தி, தினமும் எவ்வளவு பால் குடிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே, அவர்கள் பயன்படுத்திய டிஷ்யூவை எடை போட்டார்கள். பால் அதிகம் குடித்தவர்களுக்குச் சளி அதிகம் வரவில்லை.

ஆனால் பால் குடித்ததும் வாயும் தொண்டையும் கொழகொழவென்று ஆவது கற்பனை அல்ல. பாலின் கொழுப்புத் துளிகள் எச்சிலோடு கலந்து கொஞ்ச நேரம் தொண்டையில் படியும். அதைச் சளி என்று நினைத்துக்கொள்கிறோம். அதே குழு பின்னர் பசும்பாலையும் சோயா பாலையும், எது எதுவென்று தெரியாதபடி சுவை சேர்த்துக் கொடுத்தபோது இரண்டுக்கும் ஒரே புகார்தான் வந்தது. அந்த உணர்வு பிடிக்கவில்லை என்றால் குடித்த பின் ஒரு வாய் வெந்நீர் போதும். காய்ச்சலில் சோறு வேண்டாம் என்று சொல்லும் பிள்ளை தயிர்சாதம் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.

டான்சில் ஆபரேஷன் பண்ணின பிள்ளைக்கு டாக்டரே ஐஸ்கிரீம் கொடுக்கச் சொல்றாரே?

குளிர் நரம்பை மரக்கச் செய்து வலியைக் குறைக்கும், வழவழப்பானது எளிதாக உள்ளே இறங்கும். வலிக்குப் பயந்து தண்ணீர்கூடக் குடிக்காத பிள்ளைக்கு உடலில் நீர் வற்றும். அதைத் தவிர்க்க ஐஸ்கிரீம் உதவும். புண் ஆற 10 முதல் 14 நாள் ஆகும், அந்த நாட்களில் இதமான ஆறிய சாப்பாடும் கொடுக்கலாம். தொண்டையில் பச்சைப் புண்ணோடு இருக்கும் பிள்ளைக்கே கொடுக்கிறோம் என்றால், சாதாரணத் தொண்டை வலியில் ஐஸ்கிரீம் கேட்டு அழும் பிள்ளைக்கு ஏன் மறுக்க வேண்டும் என்பதுதான் நான் பெற்றோரிடம் கேட்பது. பெரும்பாலும் பதிலுக்கு மாமியாரைத்தான் காட்டுவார்கள்.

ரோட்டுக்கடை சர்பத், கரும்புச் சாறுல போடுற ஐஸ் பத்தி?

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அங்கே ஆபத்து தொண்டையைவிட வயிற்றுக்குத்தான். மீன் அடுக்கச் செய்யும் கட்டிப் பனி குடிநீரில் செய்ததாக இருக்காது. அது சாக்குப்பையில் சுற்றி, தரையில் வைத்து உடைக்கப்படும். அதில் டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் இருக்கலாம். ஐஸ் ஆகிவிட்டதால் கிருமி செத்துவிடும் என்பது தவறு. உறைதல் பல கிருமிகளைத் தூங்க வைக்கும், அவ்வளவுதான். நன்னாரி சர்பத் வேண்டுமென்றால் ஐஸ் போடாமல் கேளுங்கள்.

ஊறுகாய் சாப்பிட்டா தொண்டை புண்ணாகும், இருமல் வரும்னு சொல்றாங்களே?

இதைப் பாதி ஒத்துக்கொள்ளலாம். ஊறுகாயால் தொற்று வராது. உப்பும் புளிப்பும் சேர்ந்த அந்த ஜாடியில் தொண்டைக் கிருமிகள் பிழைப்பதே கஷ்டம். மாங்காய் வருடம் முழுக்கக் கெடாமல் இருப்பதே அதனால்தான்.

ஆனால் மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டையும் எரிச்சலையும் உணரும் நரம்பு முனைகளை நேராகத் தூண்டிவிடும். இருமலை ஆராயும் மருத்துவர்கள் ஒருவருக்கு எவ்வளவு எளிதில் இருமல் வரும் என்று அளக்க, கேப்சைசின் கலந்த ஆவியை மூச்சில் இழுக்கச் சொல்வார்கள். ஆக ஆவக்காய் காரம் ஏறியதும் வரும் இருமல் உடலின் இயல்பான எதிர்வினை. தொண்டை ஏற்கெனவே வீங்கிச் சிவந்திருந்தால் காரம், உப்பு, எலுமிச்சைப் புளிப்பு மூன்றும் சுள்ளென்று எரியும். எரிவதால் நோய் கூடாது, ஆறுவதும் தள்ளிப்போகாது. எரிச்சலைத் தாங்கிக்கொண்டு சாப்பிட வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த மூன்று நான்கு நாள் விட்டுவிடலாம்.

ஊறுகாய் உப்பைப் பழிக்கும் அதே வீட்டில் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பார்கள் என்பது வேடிக்கை. கொப்பளிப்பது நல்லதுதான். ஒரு டம்ளர் (சுமார் 250 மில்லி) வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போதும். அதற்கு மேல் போட்டால் அதுவே எரியும்.

நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. முன்பெல்லாம் காரம் தாங்கியவர், இப்போது கொஞ்சம் ஊறுகாய் தொட்டாலே வறட்டு இருமல் வருகிறது, மாதக்கணக்கில் விடவில்லை என்கிறார் என்றால், அவருடைய மாத்திரைப் பெட்டியைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு இருமல் நரம்பைக் கூர்மையாக்கிவிடும். ஊறுகாயை நிறுத்திப் பயனில்லை. மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இருமலைச் சொன்னால் வேறு வகை மாத்திரைக்கு மாற்றுவார். அதன் பிறகு இருமல் அடங்கச் சில வாரங்கள் ஆகலாம்.

பஜ்ஜி, முறுக்கு, வேர்க்கடலை சாப்பிட்டதும் தண்ணி குடிச்சா இருமல் வரும்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன். உண்மையா?

எண்ணெயும் தண்ணீரும் தொண்டையில் சந்தித்து ஏதோ செய்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மொறுமொறுப்பானதைச் சாப்பிட்டு வரும் இருமல் பெரும்பாலும் துகளால் வருவது. கடலைத் தோலும் முறுக்குத் தூளும் நாக்கின் அடியிலும் டான்சில் பள்ளத்திலும் ஒட்டிக்கொண்டு உறுத்தும். தண்ணீர் குடித்தால் அவை இறங்கிவிடும். இருமல் தொடங்கிய பிறகுதான் பலரும் தண்ணீர் எடுக்கிறார்கள், பழி தண்ணீர் மேல் விழுந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். சிறு குழந்தை முழு வேர்க்கடலை சாப்பிட்டுத் திடீரென்று திணறி இருமினால், பிறகு இருமல் அடங்கினாலும் விட்டுவிடாதீர்கள். கடலை மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

எண்ணெய் பற்றிப் பேசும்போது அடுப்படியில் நிற்பவரையும் மறக்கக் கூடாது. எண்ணெய் புகையும் அளவுக்குக் காயும்போது அக்ரோலின் என்ற காட்டமான வாயு கிளம்பும். அது கண்ணையும் தொண்டையையும் நேராக எரிக்கும். தீபாவளிக்குப் பலகாரம் சுட்டவருக்கு இரண்டு நாள் தொண்டை கரகரத்தால், அவர் ஒரு முறுக்கைக்கூடக் கடித்திருக்க வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, எண்ணெய் புகைவதற்கு முன்பே தீயைக் குறைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நான் ஸ்கூல் டீச்சர். ராத்திரி பரோட்டா, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டா மறுநாள் காலைல குரல் கட்டிடுது. காய்ச்சல் கிடையாது. மதியத்துக்குள்ள சரியாகிடும். இதுவும் மனப்பிரமையா?

பிரமை இல்லை. எண்ணெய்க்கும் தொண்டைக்கும் உள்ள உண்மையான உறவு இதுதான், ஆனால் அது வயிறு வழியாக நடக்கிறது.

உணவுக்குழாயின் கீழ் முனையில் ஒரு தசை வளையம் உண்டு. வயிற்றில் இருப்பது மேலே வராமல் தடுப்பது அதன் வேலை. கொழுப்பு மிகுந்த சாப்பாடு வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். இரவு 10 மணிக்கு நான்கு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு 10.45-க்குப் படுத்தால், நிரம்பிய வயிறும் தொண்டையும் ஒரே மட்டத்தில் கிடக்கும். வளையம் அவ்வப்போது தளரும்போது அமிலமும், அதோடு பெப்சின் என்ற செரிமான நொதியும் மேலே ஏறலாம். குரல் நாண்களின் பின்பக்கம் உணவுக்குழாயின் வாசலை ஒட்டித்தான் இருக்கிறது. அமிலத்தைத் தாங்க வயிற்றுக்கு இருக்கும் காப்பு குரல் நாண்களுக்குக் கிடையாது. லேசாக வீங்கினாலும் காலையில் குரல் கனத்து, கரகரத்து வரும். எழுந்து நடமாடி, தண்ணீர் குடித்துப் பேசப் பேச இளகும். தொற்று என்றால் இப்படி மதியத்துக்குள் சரியாகாது.

உங்களைப் போன்ற ஒருவருக்கு நான் சொல்வது இரண்டு வாரப் பரிசோதனை. என்ன சாப்பிடுவது என்பதை முதல் வாரம் மாற்ற வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். 10.30-க்குப் படுப்பவர் 7.30-க்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். அதாவது படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மரக்கட்டையோ செங்கலோ வையுங்கள். தலையணையை மட்டும் இரண்டு மூன்றாக அடுக்கினால் வயிறு மடங்கி, நிலைமை மோசமாகும். இடப்பக்கமாகப் படுப்பதும் உதவும். இரண்டாவது வாரம் இரவில் பொரித்ததையும் நிறுத்திப் பாருங்கள். தினமும் காலை எழுந்ததும் அதே ஒரு வரியை மொபைலில் பேசிப் பதிவு செய்தால் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

முதல் வாரத்திலேயே குரல் தெளிந்தால், குற்றவாளி பரோட்டா அல்ல, பத்து மணி. பலருக்கு இப்படித்தான் ஆகிறது. மாலை 5 மணிக்கு இரண்டு வாழைக்காய் பஜ்ஜி சாப்பிடுவதற்கும் படுக்கப் போகும் முன் வயிறு முட்டச் சாப்பிடுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இரண்டு வாரமும் ஒழுங்காகச் செய்து மாற்றமே இல்லை என்றால் இது அமிலமாக இல்லாமலும் இருக்கலாம். தொண்டையில் கரகரப்பு என்றதுமே மாதக்கணக்கில் அமில மாத்திரை போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிரிட்டனில் 346 பேரை வைத்து நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட தொண்டைத் தொந்தரவுக்கு 16 வாரம் லான்சோபிரசோல் கொடுத்தும் வெற்று மாத்திரையைவிடப் பலன் கூடவில்லை. தினமும் ஐந்து வகுப்பில் உரக்கப் பேசும் ஆசிரியைக்குக் குரல் நாணில் சிறு முடிச்சு வந்திருக்கலாம். அப்படியானால் குரல் காலையைவிடச் சாயந்திரம் மோசமாக இருக்கும். உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

கூல்ட்ரிங்க்ஸை ஃப்ரிட்ஜ்ல வைக்காம குடிச்சா பரவாயில்லையா?

குளிரை மட்டும்தான் எடுத்திருக்கிறீர்கள். கேஸ் வயிற்றை உப்ப வைத்து ஏப்பத்தோடு அமிலத்தையும் மேலே கொண்டுவரும். கோலா பானங்களே அமிலம் மிகுந்தவை, காஃபினும் சேர்ந்திருக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஜில்லென்ற மோர் பிரச்சினையில்லை, குளிர் நீக்கிய சோடா பிரச்சினை.

நான் பாட்டு கத்துக்கறேன். கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னாடியே ஐஸ், தயிர், ஊறுகாய், எண்ணெய் எல்லாம் நிறுத்தச் சொல்றாங்க. கற்கண்டும் மிளகும் தொண்டையைத் திறக்குமாம்.

விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை. விழுங்கும் நொடியில் குரல்வளை மேலேறி, அதன் மூடி சாய்ந்து, வழி அடைபடும். உணவு பின்னால் உள்ள உணவுக்குழாயில் இறங்கிவிடும். தப்பித் தவறி ஒரு துளி தண்ணீர் உள்ளே போனால் எப்படிப் புரையேறுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே ஐஸ் குரலை உறைய வைக்காது, நெய் அதற்கு எண்ணெய் போடாது, தேன் அதைப் பூசாது. கற்கண்டு, மிளகு, அதிமதுரம் எல்லாம் செய்வது எச்சிலைச் சுரக்க வைப்பது. வாயும் தொண்டையும் ஈரமானால் கனைக்கத் தோன்றாது. கனைப்பு குறைவது குரலுக்கு லாபம்தான், ஏனென்றால் ஒவ்வொரு கனைப்பிலும் நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

கச்சேரி நாளில் பாடுவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பு மட்டும் ஐஸ் தண்ணீரையும் பால் சேர்த்ததையும் தள்ளி வைப்பதில் அர்த்தம் உண்டு. மேலே சொன்ன சளித் தேக்கமும் கொழகொழப்பும் அந்த நேரத்தில் தொல்லை தரும். ஒரு வாரத் துறவு தேவையில்லை. சபா கேன்டீனில் இரவு 9.30-க்கு நெய் ரோஸ்ட்டும் கீரை வடையும் சாப்பிட்டு, வீட்டுக்குப் போய் உடனே படுத்து, மறுநாள் காலைக் கச்சேரியில் மேல் ஸ்தாயி வரவில்லை என்று முந்தின வார ஐஸ்கிரீமைத் திட்டுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

அப்போ டாக்டர்கிட்ட எப்போ போகணும்?

'ஐஸ்கிரீம் சாப்பிட்டா, அதான்' என்று சொல்லி இரண்டு வாரம் கஷாயத்தில் ஓட்டுவதுதான் இந்த நம்பிக்கைகளால் வரும் மெய்யான கேடு. 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்குத் திடீர்க் காய்ச்சல், விழுங்கும்போது வலி, டான்சிலில் வெள்ளைப் படிவு, தாடைக்கடியில் தொட்டால் வலிக்கும் நெறி ஆகியவை இருந்து, இருமலும் மூக்கொழுகலும் இல்லை என்றால் ஸ்ட்ரெப்பைச் சந்தேகிக்க வேண்டும். தானாகவே வலி அடங்கினாலும், சிகிச்சை இல்லாத ஸ்ட்ரெப் சிலருக்கு 2, 3 வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சலாக வந்து மூட்டையும் இதய வால்வையும் தாக்கும். இந்தியாவில் இது இன்னும் ஒழியவில்லை. வலி தொடங்கி 9 நாளுக்குள் பென்சிலின் வகை மருந்தைத் தொடங்கிவிட்டால் இதைத் தடுக்கலாம். மாத்திரை என்றால் வழக்கமாக 10 நாள். மூன்றாம் நாள் வலி போனதும் நிறுத்திவிடக் கூடாது. மாறாக, மூக்கொழுகி இருமும் வைரஸ் பிள்ளைக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வற்புறுத்தவும் வேண்டாம்.

வாயைத் திறக்க முடியாமை, எச்சில் வடிவது, வாயில் சூடான உருண்டையை வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல், கழுத்து ஒரு பக்கம் வீங்குவது, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். குரல் கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடித்தால், அதிலும் புகைப்பவர், புகையிலை போடுபவர் என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைக் கேமரா வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.